வாட்ஸ்அப் வெப்: ஸ்கேன் செய்தபின் சுழன்றுகொண்டே நிற்கிறதா, தினமும் வெளியேறிவிடுகிறதா?

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஜெராக்ஸ் கடை. காலை எட்டரை மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் முதல் வாடிக்கையாளர் வந்துவிடுவார். "அக்கா, ஆதார் அனுப்பியிருக்கிறேன், இரண்டு காப்பி வேண்டும்" என்பார். அக்கா கணினியைத் திறந்து வாட்ஸ்அப் வெப் பக்கத்துக்குப் போனால், நேற்றிரவு வரை இருந்த உரையாடல்கள் ஒன்றையும் காணோம். ஸ்கேன் செய்யச் சொல்லும் கறுப்பு வெள்ளைக் கட்டம் மட்டும் நிற்கிறது. செல்போனை எடுத்து ஸ்கேன் செய்து, உள்ளே போய், பிரின்ட் எடுத்துக் கொடுப்பதற்குள் பின்னால் நான்கு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். சில நாட்களில் ஸ்கேன் செய்தும் பயனில்லை. "Loading your chats" என்ற வரியும் அதன் கீழே பாதி நீளம் போய் நின்றுவிட்ட கோடும்தான் மிச்சம்.

நான் தக்கலையில் கணினி பழுது பார்க்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது இந்தக் குறையோடு வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலிலேயே பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவியிருப்பார்கள். சிலர் விண்டோஸையே புதிதாகப் போட்டிருப்பார்கள். அது தேவையில்லாத வேலை. எதையும் தொடுவதற்கு முன் ஓர் இடத்தைப் பார்த்தால், குறை எந்தப் பக்கம் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த இடம் கணினியில் இல்லை, செல்போனில் இருக்கிறது.

முதலில் செல்போனில் உள்ள பட்டியல்

ஆண்ட்ராய்டு செல்போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, "Linked devices" என்பதற்குள் போங்கள். ஐபோனில் இது அமைப்புகளுக்குள் இருக்கும். உங்கள் எண்ணோடு இணைந்திருக்கும் கணினிகளின் பட்டியல் அங்கே வரும். ஒவ்வொன்றின் கீழும் அது கடைசியாக எப்போது இயங்கியது என்றும் எழுதியிருக்கும்.

இந்தப் பட்டியல் எதைச் சொல்கிறது என்று புரிய, ஸ்கேன் செய்யும்போது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 ஜனவரியில் வாட்ஸ்அப் வெப் வந்தபோது கணினி வெறும் கண்ணாடிதான். செல்போனில் இருப்பதைக் காட்டும், செல்போனில் இணையம் போனால் கணினியிலும் நின்றுவிடும். 2021இல் அந்த அமைப்பு மாறத் தொடங்கியது. இப்போது இணைக்கப்படும் ஒவ்வொரு கணினியும் தனிச் சாதனம். அதற்கென்று சொந்தச் சாவி உண்டு. செல்போனைத் தவிர நான்கு சாதனங்கள் வரை ஒரே எண்ணில் இணைந்திருக்கலாம்.

ஸ்கேன் செய்தவுடன் மூன்று வேலைகள் வரிசையாக நடக்கின்றன. கணினி உருவாக்கிய சாவியின் பொதுப் பகுதி அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது. செல்போன் அதைப் படித்து, "இது என்னுடைய கணினிதான்" என்று ஒப்புதல் கொடுத்து, பட்டியலில் சேர்க்கிறது. அடுத்து, செல்போன் தன்னிடமுள்ள அண்மை உரையாடல்களை மூட்டையாகக் கட்டி, பூட்டி, இணையத்தில் ஏற்றுகிறது. கடைசியாகக் கணினி அந்த மூட்டையை இறக்கி, பிரித்து, பிரவுசருக்குள் உள்ள சேமிப்பறையில் எழுதிக்கொள்கிறது. கணினியின் சாவியும் அதே அறையில்தான் இருக்கிறது.

ஆகவே ஓர் இணைப்பு உயிரோடு இருக்க இரண்டு இடங்களில் பதிவு வேண்டும்: செல்போன் பட்டியலில் பெயர், பிரவுசர் அறையில் சாவி. இரண்டில் எது போனாலும் கணினி உங்களை வெளியே நிறுத்திவிடும். எது போனது என்பதைப் பட்டியல் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: கணினியில் வெளியேறிவிட்டது, ஆனால் செல்போன் பட்டியலில் அந்தக் கணினி இன்னும் இருக்கிறது

செல்போன் உங்களை வெளியேற்றவில்லை என்று இதற்குப் பொருள். கணினிதான் சாவியைத் தொலைத்திருக்கிறது. ஜெராக்ஸ் கடை அக்காவின் செல்போனை வாங்கிப் பார்த்தேன். பட்டியலில் நான்கு வரிகள். நான்கிலும் விண்டோஸ், குரோம் என்றே இருந்தது. கடையில் இருப்பதோ ஒரே கணினி. நேற்று, முந்தாநாள், அதற்கு முன்தினம் என்று அடுத்தடுத்த நாட்கள் கடைசி இயக்க நேரமாகப் பதிவாகியிருந்தன. ஒவ்வொரு காலையும் செய்த ஸ்கேன் ஒவ்வொரு புதுச் சாதனமாகப் பதிவாகியிருக்கிறது. பழையவை சாவி இல்லாத வெறும் பெயர்களாகப் பட்டியலில் தங்கிவிட்டன. நான்கு இடமும் நிரம்பிய பிறகு செய்யும் அடுத்த ஸ்கேனைச் செல்போன் ஏற்காது. "முதலில் ஒன்றை நீக்கு" என்று சொல்லும். அக்கா அதையும் ஒவ்வொரு முறையும் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

சாவியை யார் அழிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. வேறு எதைவிடவும் இதை நம்புங்கள். குரோமில் வாட்ஸ்அப் வெப் உள்ளே இருக்கும்போது F12 அழுத்துங்கள். திறக்கும் பகுதியின் மேல் வரிசையில் "Application" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடம் போதாமல் மறைந்திருந்தால் வரிசையின் முடிவில் உள்ள இரட்டை அம்புக்குறிக்குள் இருக்கும். இடப்பக்கம் "Storage" என்பதன் கீழே "IndexedDB" என்று ஒரு வரி. அதைப் பிரித்தால் உள்ளே பல சேமிப்புகளின் பெயர்கள் வரும். அவை என்ன என்று ஆராய வேண்டாம்; ஏதோ இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன சேமிப்பறை அதுதான். பக்கத்திலேயே "Console" என்று ஒரு பகுதி இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் எந்த வரியையும் அதில் ஒட்டாதீர்கள். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ள அது போதும்.

இனி, பிரவுசரின் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு, கணினியை அணைக்காமல், மறுபடி திறந்து பாருங்கள். இப்போதே வெளியேறியிருந்தால், அழிப்பது பிரவுசரேதான். உள்ளேயே இருந்தால், கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். அப்போது வெளியேறியிருந்தால், பிரவுசருக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்று அழிக்கிறது. இரண்டையும் தாண்டி நின்று, சில நாள் கழித்துத் திடீரென்று போகிறதென்றால், பெரும்பாலும் வட்டில் இடமில்லை.

பிரவுசரே அழிக்கிறது என்றால் தீர்வு எளிது. மறைநிலை ஜன்னலில் திறந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அந்த ஜன்னல்களை மூடியதும் எல்லாம் போய்விடுவதே அதன் இயல்பு. சாதாரண ஜன்னல்தான் என்றால், குரோமின் முகவரிப் பட்டையில் இதைத் தட்டுங்கள்:

```
chrome://settings/content/siteData
```

ஜன்னல்களை எல்லாம் மூடும்போது தளங்களின் தரவை அழித்துவிடு என்று சொல்லும் தேர்வு அங்கே குறியிடப்பட்டிருந்தால், அனுமதிக்கும் தேர்வுக்கு மாற்றுங்கள். ஃபயர்பாக்ஸில் `about:preferences#privacy` பக்கத்தில் "Delete cookies and site data when Firefox is closed" என்ற பெட்டியில் குறி இருக்கக்கூடாது. எட்ஜில் அமைப்புகளின் தேடல் பெட்டியில் `close` என்று தட்டினால், பிரவுசரை மூடும்போது எதையெல்லாம் அழிக்க வேண்டும் என்ற பகுதி வரும். குக்கீகளும் தளத் தரவும் என்பதை அணைத்துவிடுங்கள். ஸ்கேன் செய்யும் பக்கத்திலேயே "Stay logged in on this browser" என்று ஒரு பெட்டி இருந்தால் அதில் குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விளம்பரத்தையோ குக்கீயையோ தடுக்கும் நீட்சிகளில் சில, தாவலை மூடியதும் தளத் தரவைத் துடைத்துவிடும். ஐயம் இருந்தால் நீட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் மூடித் திறந்து பாருங்கள்.

அக்காவின் கணினி முதல் சோதனையில் தேறியது. மூடித் திறந்தாலும் உரையாடல்கள் அப்படியே இருந்தன. மறுதொடக்கம் செய்தேன், கட்டம் வந்து நின்றது. எனவே பிரவுசர் குற்றவாளி இல்லை.

கணினி தொடங்கும்போது தானாக ஓடும் நிரல்களை Ctrl+Shift+Esc அழுத்தி, "Startup apps" என்ற பகுதியில் பார்க்கலாம். அங்கே ஓர் இலவசத் துப்புரவு நிரல் இருந்தது. கணினி மெதுவாக இருக்கிறது என்று யாரோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் அது விழித்ததும் பிரவுசரின் குக்கீகளையும் தளச் சேமிப்பையும் குப்பை என்று கருதித் துடைத்துக்கொண்டிருந்தது. "தம்பி, அதனால்தான் ஜிமெயிலும் தினமும் கடவுச்சொல் கேட்கிறதா?" என்றார் அக்கா. அதனால்தான். ஒரு தளத்தில் மட்டும் வெளியேறுகிறதா, எல்லாத் தளங்களிலும் வெளியேறுகிறதா என்று கேட்பது நல்ல குறுக்குச் சோதனை. எல்லாவற்றிலும் என்றால் வாட்ஸ்அப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்த நிரலில் பிரவுசர் தொடர்பான குறிகளை எடுத்துவிட்டு, தானாகத் தொடங்குவதையும் நிறுத்தினேன்.

பிரவுசிங் சென்டர், கணினிப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் வேறொரு காரணம் உண்டு. மறுதொடக்கம் செய்ததும் வட்டைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும் மென்பொருளை அங்கே வைத்திருப்பார்கள். டெஸ்க்டாப்பில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, மறுதொடக்கம் செய்து பாருங்கள். அந்தக் கோப்பும் மறைந்துவிட்டால் அதுதான் காரணம். அங்கே இணைப்பை நிலைக்க வைக்க வழியில்லை, வைக்கவும் கூடாது. வேலை முடிந்ததும் "Log out" கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். மறந்துவிட்டால், செல்போன் பட்டியலில் அந்த வரியைத் தொட்டு அங்கிருந்தே நீக்கலாம்.

அறிகுறி: கணினியில் வெளியேறிவிட்டது, செல்போன் பட்டியலிலும் பெயர் இல்லை

இது நேர் எதிரான நிலை. கணினி சாவியைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தது. கணக்கின் பக்கம் அந்தப் பெயரை நீக்கிவிட்டது. யாராவது செல்போனில் நீக்கியிருக்கலாம். புதிய செல்போனுக்கு மாறி அதே எண்ணைப் பதிவு செய்திருந்தாலும், வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி நிறுவிப் பதிவு செய்திருந்தாலும் பழைய இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். அவற்றுக்கு மறுபடி இணைப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

நம் குமரி மாவட்டத்தில் இதற்கு இன்னொரு காரணம் அடிக்கடி வருகிறது. தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு விசைப்படகு உரிமையாளர், "கடலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் வீட்டுக் கணினியில் வாட்ஸ்அப் போய்விடுகிறது" என்று சொன்னார். வீட்டில் மகள்தான் டீசல், ஐஸ், ஆட்கூலிக் கணக்கையெல்லாம் அந்தக் கணினியில் பார்த்துக்கொள்கிறார். ரசீதுகள் வருவதும் அப்பாவின் எண்ணுக்குத்தான். "அண்ணே, ஒரு தங்கலுக்கு எத்தனை நாள்?" என்று கேட்டேன். குறைந்தது இருபது நாள், சில வேளை முப்பதைத் தாண்டும் என்றார். செல்போனும் அவரோடு ஆழ்கடலுக்குப் போகிறது.

கணினி இப்போது தனியாக இயங்கினாலும், அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். முதன்மைச் செல்போனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தவில்லை என்றால், இணைந்த சாதனங்கள் எல்லாம் வெளியேற்றப்படும். ஆழ்கடலில் சிக்னல் ஏது? பதினான்கு நாட்கள் கடந்ததும் வீட்டில் கணினி ஸ்கேன் கேட்கிறது. ஸ்கேன் செய்யவேண்டிய செல்போனோ நடுக்கடலில் இருக்கிறது. மகள் பிரவுசரை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே போக முடியாது.

இந்த வரம்பை மாற்றும் அமைப்பு எதுவும் இல்லை. செய்யக்கூடியது ஏற்பாட்டை மாற்றுவதுதான். ரசீதும் கணக்கும் வரும் எண்ணைக் கரையிலேயே, வீட்டில் இருக்கும் செல்போனில் வைத்துக்கொண்டு, படகுக்கு வேறோர் எண்ணை எடுத்துச் செல்லலாம். அவரும் அதைத்தான் செய்தார். அது முடியாதவர்கள், கடலுக்குப் போகுமுன் தேவையான கோப்புகளைக் கணினியில் இறக்கி வைத்துவிட வேண்டும். தேங்காய்ப்பட்டணத்திலோ கொச்சியிலோ கரை பிடித்து, செல்போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தாலும், அறுந்த இணைப்பு தானாகத் திரும்பாது. மறுபடி இணைத்தே ஆக வேண்டும்.

வளைகுடாவில் இருக்கும் கணவரின் பழைய உள்ளூர் எண்ணை வீட்டுக் கணினியில் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே நேர்கிறது. அந்த எண் உள்ள செல்போன் அங்கே ஏதோ ஒரு பெட்டியில் அணைந்து கிடக்கும்.

அறிகுறி: ஸ்கேன் செய்ததும் நிற்கிறது, பட்டியலில் புதிய வரி சேரவில்லை

முதல் வேலையான ஒப்புதலே முடியவில்லை. கணினிக்கும் வாட்ஸ்அப்புக்கும் இடையே இணையப் பாதையில் ஏதோ குறுக்கே நிற்கிறது, அல்லது கட்டம் காலாவதியாகிவிட்டது. கட்டம் சிறிது நேரத்துக்கு ஒருமுறை தானாக மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு வெகுநேரம் கழித்து வந்தால், பழைய கட்டத்தை ஸ்கேன் செய்து பயனில்லை. Ctrl+Shift+R அழுத்திப் பக்கத்தைப் புதிதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால், கணினியைக் கடையின் இணையத்திலிருந்து துண்டித்து, செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒருமுறை முயலுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. இந்தச் சோதனை இணையத்தைப் பிரித்தறிய மட்டுமே. ஹாட்ஸ்பாட்டில் உடனே உள்ளே போனால், குறை உங்கள் இணையத்திலோ ரூட்டரிலோ இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் நின்றால் கணினியைப் பாருங்கள்: வி.பி.என். ஓடுகிறதா, ப்ராக்சி ஏதாவது அமைத்திருக்கிறதா, வைரஸ் தடுப்பு நிரல் பிரவுசரின் பாதுகாப்பான இணைப்புகளைத் திறந்து சோதிக்கிறதா என்று. வாட்ஸ்அப் வெப் சாதாரணப் பக்கம் போல ஒருமுறை இறங்கி முடிவதில்லை. ஒரு குழாயைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் குழாயை இவை அடைத்தால், பக்கம் அழகாகத் தெரியும், ஸ்கேன் மட்டும் முடியாது. கூகுள் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது, இது மட்டும் ஏன் என்று பலர் குழம்புவது இதனால்தான்.

பழைய கணினிகளில் தேதியையும் பார்த்துவிடுங்கள். தாய்ப்பலகையில் உள்ள நாணய அளவு பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும்; அப்போது பாதுகாப்பான தளங்கள் எவையும் ஒழுங்காகத் திறக்காது. முதலில் விண்டோஸ் அமைப்புகளில் தேதியையும் நேரத்தையும் கையால் சரிசெய்யுங்கள்; வித்தியாசம் மிகப் பெரியதாக இருந்தால் கீழே உள்ள கட்டளை மறுத்துவிடும். பிறகு நிர்வாகி உரிமையோடு கட்டளை ஜன்னலைத் திறந்து இவற்றைத் தட்டினால் நேரம் துல்லியமாகும்:

```
net start w32time
w32tm /resync
```

மறுநாளும் பிசகினால் CR2032 பேட்டரியை மாற்றுங்கள்.

திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்யும் வேகத்தில், "Couldn't link device" என்று செல்போனே மறுக்கத் தொடங்கிவிட்டால், சற்று நிறுத்துங்கள். அந்த நிலையில் மேலும் மேலும் முயல்வது உதவாது. சில மணி நேரம் விட்டுவிட்டு, காரணத்தைச் சரிசெய்த பிறகு ஒரே ஒரு முறை முயல்வதுதான் முறை.

அறிகுறி: பட்டியலில் புதிய வரி சேர்ந்துவிட்டது, ஆனால் "Loading your chats" நகரவில்லை

ஒப்புதல் முடிந்துவிட்டது, மூட்டை வந்து சேரவில்லை, அல்லது வந்த மூட்டையை வைக்க இடமில்லை. இந்த நிலையில் பலர் மறுபடி ஸ்கேன் செய்கிறார்கள். வேண்டாம். முதலில் செல்போனைக் கவனியுங்கள்.

மூட்டையைக் கட்டி அனுப்புவது செல்போன். ஸ்கேன் முடிந்ததும் பலர் அதைச் சட்டைப் பையில் போட்டுவிடுகிறார்கள். திரை அணைகிறது, பேட்டரி சேமிப்பு வாட்ஸ்அப்பைத் தூங்க வைக்கிறது, மூட்டை பாதி ஏற்றத்தில் நிற்கிறது. கணினியில் கோடு நிற்பதைப் பார்த்து இணையம் மெதுவாக இருக்கிறது என்று நினைக்கிறோம். இங்கே முக்கியம் செல்போனின் ஏற்று வேகம். பேச்சிப்பாறைப் பக்கமோ கீரிப்பாறைப் பக்கமோ ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றைக் கோடு சிக்னலில் ஒரு செய்தி போய்விடும். பல மாத உரையாடல் போவது கடினம். எனவே செல்போனை நல்ல வைஃபையில் இணைத்து, பேட்டரி சேமிப்பை அணைத்து, வாட்ஸ்அப்பைத் திறந்த நிலையில் திரை அணையாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். நிறையக் குழுக்களில் இருப்பவர்களுக்கு இன்னும் நேரம் எடுக்கும். கோடு சிறிதாவது நகர்ந்தால் பாதை சரி, பொறுமைதான் தேவை.

பத்து நிமிடமாகியும் இம்மியும் அசையவில்லை என்றால் கணினிக்கு வாருங்கள். ஜெராக்ஸ் கடை அக்காவின் இரண்டாவது குறை இங்கேதான் இருந்தது. துப்புரவு நிரலை நிறுத்திய பிறகு, புதிதாக ஸ்கேன் செய்தேன். செல்போனில் வரி சேர்ந்தது. கடையில் வைஃபை நன்றாகவே இருந்தது. கணினியில் கோடு பாதியில் நின்றது. F12 அழுத்தி "Console" பகுதியைப் பார்த்தேன். அங்கே எதையும் தட்டவில்லை, படித்தேன் அவ்வளவுதான். சிவப்பு வரிகளுக்கு நடுவே `QuotaExceededError` என்ற சொல் இருந்தது. எழுத முயன்றது, இடம் கிடைக்கவில்லை என்று பொருள்.

"This PC" திறந்து பார்த்தால் C வட்டு சிவப்பாக இருந்தது. 120 ஜிபி எஸ்.எஸ்.டி.யில் மீதம் 700 எம்பி. இரண்டு ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஆதார், சாதிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் Downloads கோப்புறையில் அடைந்து கிடந்தன; அழித்தவையும் Recycle Bin தொட்டியில் அப்படியே இருந்தன. பிரவுசர் ஒரு தளத்துக்குக் கொடுக்கும் இடம், வட்டின் அளவையும் அதில் மிச்சம் இருப்பதையும் பொறுத்தது. வட்டு நெருக்கடிக்கு வந்துவிட்டால், நிரந்தரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளாத தளங்களின் சேமிப்பை, வெகுநாள் தொடாததிலிருந்து தொடங்கி, பிரவுசர் தானே முழுவதுமாக அழித்துவிடும். ஒரே இடப் பற்றாக்குறை இரண்டு முகங்களோடு வருவது இப்படித்தான்: புதிதாக இணைக்கும்போது ஏற்றம் பாதியில் நிற்கிறது, முன்பே இணைந்திருந்தால் ஒருநாள் சொல்லாமல் வெளியேறுகிறது.

பிரின்ட் எடுத்து முடித்த கோப்புகளை நீக்கி, தொட்டியையும் காலி செய்தோம். மற்றவர்களின் ஆதார் நகல் இரண்டு ஆண்டுகள் ஒரு கடைக் கணினியில் கிடப்பதே சரியில்லை என்று அக்காவிடம் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். 38 ஜிபி மீண்டது. குறைந்தது 10 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும் என்பது என் அனுபவக் கணக்கு.

இடம் இருந்தும் நிற்கிறது என்றால், அறைக்குள் இருப்பது சிதைந்திருக்கலாம். ஐப்பசியில் இடியோடு மழை வரும்போது யு.பி.எஸ். இல்லாத கணினிகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைகின்றன. பாதி எழுதப்பட்ட சேமிப்பைப் பிரவுசரால் சில வேளை மறுபடி திறக்க முடிவதில்லை. பக்கம் அந்த இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். இதற்கு அடையாளம்: அதே கணினியில் மறைநிலை ஜன்னலில் ஸ்கேன் செய்தால் சிக்கலில்லாமல் உள்ளே போகும், சாதாரண ஜன்னலில் போகாது. மறைநிலையில் அறை புதியது, நீட்சிகளும் பொதுவாக அணைந்திருக்கும். எனவே குறை பழைய அறையிலோ ஒரு நீட்சியிலோ இருக்கிறது என்று உறுதியாகும். சோதனை முடிந்ததும் மறைநிலையிலிருந்து "Log out" கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஓர் இடம் வீணாகும்.

சிதைந்த அறையைக் காலி செய்ய, பிரவுசரின் மொத்த வரலாற்றையும் அழிக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் மற்ற தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். இந்த முகவரிக்குப் போங்கள்:

```
chrome://settings/content/all
```

தேடல் பெட்டியில் `whatsapp` என்று தட்டி, வரும் வரியின் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்துங்கள். பிறகு வாட்ஸ்அப் வெப் தாவலை மூடிவிட்டு, செல்போன் பட்டியலில் அந்தக் கணினியின் பழைய வரிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். புதிய தாவலில் திறந்து ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். உரையாடல்கள் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம்: அவற்றின் அசல் செல்போனில் இருக்கிறது, கணினியில் இருந்தது நகல்தான். Downloads கோப்புறையில் ஏற்கெனவே இறக்கி வைத்தவற்றையும் இது தொடாது. ஆனால் செல்போனே தொலைந்தோ உடைந்தோ போயிருந்தால் அறையைக் காலி செய்யாதீர்கள். அப்போது கணினியில் உள்ள நகல்தான் உங்களிடம் இருக்கும் ஒரே பிரதியாக இருக்கலாம்.

"WhatsApp is open in another window" என்று வந்து "Use here" என்று கேட்டால், அது குறையே இல்லை. அதே பிரவுசரில் இன்னொரு தாவலில் திறந்திருக்கிறீர்கள். அழுத்தினால் இங்கே வந்துவிடும்.

அக்காவின் கணினியில் செல்போன் பட்டியலிலிருந்த நான்கு பழைய வரிகளையும் நீக்கி, ஒருமுறை ஸ்கேன் செய்து, மூடித் திறந்தும் மறுதொடக்கம் செய்தும் பார்த்துவிட்டுத் தக்கலைக்குத் திரும்பினேன். பட்டியலில் ஒரே ஒரு வரி. பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது செல்போனை வாங்கிப் பார்த்தேன். அதே ஒரு வரிதான் இருந்தது.